கிழிந்த 500 ரூபாய் நோட்டுக்கு வங்கியில் எவ்வளவு கிடைக்கும்?

"எலி கடித்து 500 ரூபாய் நோட்டின் ஒரு பக்கம் போய்விட்டது. வங்கியில் முழுப் பணம் தருவார்களா?"

மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கையில் இருப்பதில் மிகப் பெரிய ஒற்றைத் துண்டின் பரப்பைத்தான் அளப்பார்கள். எண் முழுதாக இருக்கிறதா என்பதல்ல கணக்கு.

இப்போதைய 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம், அதாவது 99 சதுர செ.மீ. அந்தத் துண்டு 80 சதுர செ.மீ. இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80-க்குள் என்றால் பாதி, அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை. ஓரத்தில் நேராக 2.5 செ.மீ. போயிருந்தால் மிச்சம் 82.5, முழுசாகக் கிடைக்கும். 4 செ.மீ. போயிருந்தால் 72.6 தான், 250 ரூபாய். ஸ்கேல் வைத்து வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

20 ரூபாய் வரையிலான நோட்டுகளுக்குப் பாதித் தொகை என்பதே கிடையாது. பாதிக்கு மேல் இருந்தால் முழுசு, இல்லையென்றால் பூஜ்யம்.

நடுவில் இரண்டாகக் கிழிந்து, இரண்டு துண்டும் பத்திரமாக இருந்தால் கவலையே வேண்டாம். அது அழுக்கு நோட்டுக் கணக்கில் வரும், முழு மதிப்பு உண்டு.

எந்த வணிக வங்கிக் கிளைக்கும் போகலாம், அங்கே கணக்கு இருக்க வேண்டியதில்லை. கருகிய நோட்டு மட்டும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். வேண்டுமென்றே வெட்டியது தெரிந்தால் நிராகரித்துவிடுவார்கள்.