மைசூர்பாக்கும் சுத்தியலும்

தீபாவளி வந்தாலே ஏன் எல்லா மீமிலும் மைசூர்பாக்கைச் சுத்தியலால் உடைக்கிறார்கள்?

இது வாட்ஸ்அப் காலத்துக்கு முன்பே வந்த நகைச்சுவை, பத்திரிகைத் துணுக்குகளிலேயே தலைதீபாவளி மாப்பிள்ளை பல்லை உடைத்துக்கொண்டார். அதற்குக் காரணமும் உண்டு: சர்க்கரைப் பாகு ஒரு கம்பிப் பதத்தில் இருக்கும்போதே கடலைமாவைத் தூவிக் கிளற வேண்டும், பதம் தாண்டிவிட்டால் ஆறியதும் கல்தான். எங்கள் அம்மா இரண்டு விரல் நடுவே பாகை இழுத்துப் பார்க்கிற அந்த நொடியில்தான், ரங்கநாதன் தெருவில் வாங்கிய சட்டை சின்னதாக இருக்கிறது என்று யாராவது கூப்பிடுவோம். துணி, தையல், பலகாரம் எல்லாம் ஒரே ஆள் தலையில் விழுகிறது, பாகு முற்றிவிடுகிறது. மீமில் அந்தக் கல் மட்டும்தான் வருகிறது. அதைவிட, பில் வரிசையில் பத்துப் பைகளோடு நிற்கும் அப்பா மீம் எனக்குப் பிடிக்கும், அதில் வேலை செய்கிறவரின் முகமாவது தெரிகிறது.