பழைய நகைக்கு எவ்வளவு கிடைக்கும்: கணக்கைச் சுத்தத் தங்கத்தின் எடையில் போடுங்கள்

கேள்வி: என்னிடம் கல் பதித்த பதக்கத்துடன் பழைய தங்கச் சங்கிலி ஒன்று இருக்கிறது. 916 முத்திரையும் உள்ளது. விற்கப் போனால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாகக் கழித்து வேறு வேறு தொகை சொல்கிறார்கள். நியாயமாக எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று நானே முன்கூட்டிக் கணக்கிட முடியுமா? வெள்ளிக்கும் இதே கணக்குதானா?

பதில்:

முடியும். கடைக்காரர் சொல்லும் தொகையை அன்றைய 24 காரட் ஒரு கிராம் விலையால் வகுத்துப் பாருங்கள். அவர் உங்களுக்கு எத்தனை கிராம் சுத்தத் தங்கத்துக்கான பணத்தைத் தருகிறார் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். உங்கள் நகைக்குள் இருக்கும் சுத்தத் தங்கம் எவ்வளவு என்பதை நீங்கள் தனியாகக் கணக்கிட்டு வைத்திருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் மொத்தக் கழிவு. அதற்கு அவர் எந்தப் பெயர் வைத்தாலும், எத்தனை தவணையாகப் பிரித்துக் கழித்தாலும், இந்த ஒரு எண்ணுக்குள் எல்லாம் அடங்கிவிடும். நான் நகைகளை உருக்கி மாற்று, அதாவது ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்று, பார்க்கும் கூடத்தில் வேலை செய்பவன். விற்க வருபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் தராசில் அன்று, இந்தக் கணக்கில்தான்.

உங்களுடையதைப் போன்ற ஒரு சங்கிலி எங்கள் கூடத்துக்கு வந்தது. அதன் எண்களையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். பதக்கத்தோடும் கல்லோடும் சேர்த்து மொத்த எடை 32.40 கிராம். முத்திரையை நம்பி இதை அப்படியே 0.916 ஆல் பெருக்கினால் 29.68 கிராம் சுத்தத் தங்கம் வரும். வீட்டிலிருந்து புறப்படும்போது பலர் மனத்தில் வைத்திருப்பது இந்த எண்ணைத்தான். எந்தக் கடையிலும் இது கிடைக்காது, கிடைக்காததற்கு நியாயமான காரணங்களும் உண்டு.

முதலில் கல். பதக்கத்தில் பன்னிரண்டு சிவப்புக் கற்கள் இருந்தன. உரிமையாளர் முதலில் போன கடையில் கல்லுக்கென்று 3.50 கிராம் மதிப்பிட்டுக் கழித்தார்களாம். நாங்கள் கற்களைக் கழற்றித் தனியாக எடை போட்டபோது அவை 2.10 கிராம்தான் இருந்தன. இடைப்பட்ட 1.40 கிராம் தங்கம், பேச்சில் ஒரு சொல்லாகவே மறைந்திருக்கும். ஆகவே கல் எடையை மதிப்பீடாக ஏற்க வேண்டாம். கழற்றி எடை போடச் சொல்லுங்கள், கழற்றிய கற்களைத் திரும்பக் கேளுங்கள். கழற்றும் முன்பே தோராயமாகச் சரிபார்க்கவும் வழி உண்டு. கல்லின் எடையைக் குறிக்கும் காரட் என்பது 0.2 கிராம். சுமார் 6.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட வைரம் ஒரு காரட் எடை இருக்கும்; 2 மில்லிமீட்டர் வைரம் 0.03 காரட் அளவுதான். பொடிக்கற்கள் நாற்பது பதித்திருந்தாலும் கால் கிராமைத் தாண்டுவது கடினம் என்பதால், அப்படிப்பட்ட நகையில் கல்லுக்கு இரண்டு கிராம் என்று யாராவது சொன்னால் உடனே காரணம் கேட்கலாம். பதக்கத்தின் உட்புறம் அரக்கு நிரப்பியிருந்தாலோ, கொக்கியில் எஃகுச் சுருள் இருந்தாலோ அவற்றையும் கழிப்பது முறைதான்.

கல் நீங்கிய பிறகு 30.30 கிராம். அடுத்தது மாற்று. இதைப் பார்க்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. உரைகல்லில் நகையை உரசி, தெரிந்த மாற்றுள்ள ஊசியின் கோட்டையும் பக்கத்தில் இழுத்து, இரண்டின் மேலும் அமிலம் விட்டு ஒப்பிடுவது பழைய வழி. கைதேர்ந்தவர் பார்த்தாலும் ஆயிரத்துக்குப் பத்து இருபது பங்கு முன்னே பின்னே இருக்கும். எக்ஸ்ரே கருவி சில நொடிகளில் எண்ணைக் காட்டும், நகைக்குச் சேதமும் இல்லை. ஆனால் தங்கத்தில் அது படிப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத ஆழம் அது. மேலே கனமான முலாம் இருந்தால் முலாமின் மாற்றையே நகையின் மாற்றாகக் காட்டும். துல்லியமானது நெருப்புச் சோதனை. உருக்கிய கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத்தில் பொதிந்து, ஈயத்தை உறிஞ்சும் எலும்புச் சாம்பல் போன்றவற்றாலான கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவார்கள். மற்ற உலோகங்கள் ஈயத்தோடு போய்விடும், மிஞ்சும் வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும், எஞ்சுவது தங்கம் மட்டும். இதற்கு நேரமும் செலவும் ஆகும் என்பதால் சிறு நகைக்குக் கட்டுப்படியாகாது.

எக்ஸ்ரே கருவியில் பார்ப்பதென்றால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்த விடாதீர்கள். நாங்கள் அந்தச் சங்கிலியின் கண்ணியில் வைத்தபோது 915 காட்டியது, முத்திரை பொய்யில்லை. கண்ணிகளைப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதிச் சேர்த்த இடத்தில் வைத்தபோது எண் கணிசமாக இறங்கியது, கூடவே காட்மியமும் துத்தநாகமும் தெரிந்தன. தாழ்ந்த வெப்பத்தில் உருகுவதற்காகப் பொடியில் சேர்க்கும் உலோகங்கள் அவை. பழைய சங்கிலிகளில் கண்ணிக்குக் கண்ணி இந்தப் பொடி இருக்கும் என்பதால், கண்ணியின் மாற்றை முழுச் சங்கிலியின் மாற்றாகக் கொள்ள முடியாது. கண்ணி சரியாக இருந்தும் உருக்கிய கட்டி குறைவாக வருவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பிறகு உரிமையாளரின் கண் முன்னே உருக்கினோம். உருக்கும் முன் 30.30 கிராம், கட்டியாக வந்தபின் 29.90 கிராம். இந்த 0.40 கிராமைத் தங்கம் ஆவியானதாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உருக்கும் சூட்டில் தங்கம் ஆவியாகும் அளவு பொருட்படுத்தத் தக்கதன்று. போனது கண்ணிகளுக்குள் படிந்திருந்த அழுக்கு, சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை. கூடவே உருக்கும் சூட்டில் எளிதில் ஆவியாகிவிடும் காட்மியம், துத்தநாகம், அழுக்கை ஈர்க்க உருக்கும்போது போடும் வெண்காரத்தோடு சேர்ந்துவிடும் சிறிதளவு செம்பு. எடை குறைந்தாலும் உள்ளே இருக்கும் தங்கம் அப்படியே இருக்க வேண்டும். அதனால்தான் உருக்கும் கிண்ணமான மூசையைக் கவிழ்த்தபின் அதன் உட்சுவரையும், உறைந்த வெண்காரக் கட்டியையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுவேன். கண்ணாடி போன்ற அந்தக் கட்டிக்குள் ஊசிமுனை அளவு மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால், அவையும் உங்களுடையவை. தட்டி எடுத்துக் கட்டியோடு சேர்த்து எடை போட வேண்டும்.

கட்டியின் மாற்று 902 வந்தது. மேலும் கீழும் இரண்டு இடத்தில் பார்த்தே இந்த எண்ணைக் கொள்ள வேண்டும், சரியாகக் கலக்காத கட்டியில் இரண்டும் வேறுபடும். 29.90 கிராமை 0.902 ஆல் பெருக்கினால் 26.97 கிராம் சுத்தத் தங்கம். இந்தச் சங்கிலியின் உண்மையான உள்ளடக்கம் இதுதான். வாங்குபவருக்குச் சுத்திகரிப்புச் செலவு, விலை இறங்கும் அபாயம், அவருடைய ஆதாயம் ஆகியவை உண்டு; அதற்காக 3 சதவீதம் எடுத்துக்கொண்டார் என்றால் 26.16 கிராமுக்கான பணம் கைக்கு வரும். வீட்டில் போட்ட 29.68 கிராம் கணக்கோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 88 சதவீதம். உருக்கிப் பார்த்து, வெளிப்படையாகக் கழித்த பிறகும் இவ்வளவு இறங்கும் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

இதோடு மற்ற இரண்டு கடைகளின் கணக்கை வைத்துப் பாருங்கள். முதல் கடையில் உருக்கவே இல்லை. கல்லுக்கு 3.50 கிராம் கழித்து, மீதி 28.90 கிராமில் சேதாரம் என்று 4 சதவீதம் கழித்து, 916 மாற்றுக்கு முழு விலை தருவதாகச் சொன்னார்கள். முழு விலை, முழு மாற்று என்று கேட்கும்போது தாராளமாகத் தோன்றினாலும், கிடைப்பது 25.41 கிராமுக்கான பணம்தான். இன்னொரு கடையில் உருக்கி 902 என்று ஒப்புக்கொண்டபின், பொடிக்கு 3 சதவீதம் தனியாகவும், ஆதாயத்துக்கு 3 சதவீதம் தனியாகவும் கழிப்பதாகச் சொன்னார்கள். அது 25.38 கிராம். இங்கே நடப்பதை நான் மிகவும் கண்டிக்கிறேன். உருக்கிய கட்டியின் மாற்றுக்குள் பொடி ஏற்கெனவே கலந்துதான் இருக்கிறது. 915 என்பது 902 ஆனதே பொடியால்தான். அதற்கு மீண்டும் ஒரு முறை கழிப்பது, ஒரே குறைக்கு இரண்டு முறை விலை வாங்குவது. பொடிக்குக் கழிவு கேட்பவர் உருக்காமல் வாங்கும்போது கேட்கலாம். உருக்கிய பின் அதற்கு இடமே இல்லை.

சேதாரம் என்ற சொல்லையும் கவனியுங்கள். நகை வாங்கும்போது செய்கூலியோடு அதைக் கொடுத்தீர்கள். விற்கும்போது அது திரும்ப வராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் விற்கும்போது சேதாரம் என்று கழிக்கப்படுவதற்கு உருக்கு எடையில் கணக்கு இருக்க வேண்டும். விலையையும் பாருங்கள். பலகையில் எழுதியிருப்பது விற்கும் விலையாக இருக்கும், உங்களுக்குத் தருவது வாங்கும் விலை. பன்னாட்டு விலையோடு ஒப்பிட விரும்பினால், ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

வெள்ளிக்கும் கணக்கின் வடிவம் இதுவே: எடை, மாற்று, விலை. ஆனால் மதிப்புக்கு ஒப்பிட்டால் சுத்திகரிப்புச் செலவு அதிகம் என்பதால், கழிவுச் சதவீதம் தங்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். மாற்றும் விரிந்து கிடக்கிறது. 925 உண்டு, 800 உண்டு, வெள்ளிமுலாம் பூசிய பித்தளையும் உண்டு. மறைவான ஓர் இடத்தில் அரத்தால் சிறிது ராவினால், முலாமாக இருந்தால் உள்ளே செம்போ மஞ்சளோ தெரிந்துவிடும். வெள்ளிப் பொருள்களில் எடைக்காகப் பிசினோ சிமெண்டோ நிரப்பிய அடிப்பாகங்களும், எஃகு அலகு பொருத்திய கத்திப் பிடிகளும் வரும். அவற்றைப் பிரிக்காமல் தராசில் வைத்துப் பயனில்லை.

உருக்கச் சம்மதிக்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். வேலைப்பாடு மிகுந்த, பழமையான நகையென்றால் உலோக விலைக்கு மேல் கொடுப்பவர் இருக்கக்கூடும். உருக்கியபின் அந்த வழி மூடிவிடும். உலோகத்துக்காக மட்டுமே விற்பதென்றால், சுத்தத் தங்கத்துக்கு எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதையும், எந்த விலையைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதையும், மாற்று பிடிக்காவிட்டால் கட்டியை அப்படியே எடுத்துச் செல்லலாமா, அதற்கு உருக்குக் கூலி எவ்வளவு என்பதையும் நெருப்பு மூட்டும் முன் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.