தினமும் மோஷன் போகிறாள், ஆனாலும் பள்ளியில் ஜட்டி நனைகிறது

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, 22 கிலோ, மூன்றாம் வகுப்பு. ஒரு வருடமாக வாரத்தில் நான்கு நாளாவது ஸ்கூல் விட்டு வரும்போது ஜட்டி நனைந்திருக்கிறது. ராத்திரி படுக்கையில் போவதில்லை. விளையாடும்போது திடீரென்று கீழே உட்கார்ந்து குதிகாலை அடியில் வைத்து அழுத்திக்கொள்வாள். ஸ்கூல் டாய்லெட் நாறுகிறது என்று காலை 7.30க்குக் கிளம்பினால் 4.30க்கு வீட்டுக்கு வந்துதான் போகிறாள். யூரின் டெஸ்ட் நார்மல். ஸ்கேனில் கிட்னி நன்றாக இருக்கிறது, யூரின் போன பிறகும் 45 மி.லி. மீதி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மோஷன் தினமும் போகிறாள். தண்ணீரைக் குறைக்கலாமா? இதற்கு மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: தண்ணீரைக் குறைக்காதீர்கள். மாத்திரையும் இப்போது வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது அவளுடைய மலக்குடலை. தினமும் போகிறாள் என்பதால் மலச்சிக்கல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், முழுதாகக் காலியாகாத குழந்தைகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எத்தனை முறை போகிறாள் என்பதை விட்டுவிட்டு, எப்படிப் போகிறாள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக வருகிறதா? சில நாள் ஒரு பெரியவர் போனதுபோலத் தடிமனாக வந்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நிற்கிறதா? ஜட்டியில் மலக்கறை படிகிறதா? வலிக்கிறது என்று தள்ளிப்போடுகிறாளா? இவற்றில் இரண்டு இருந்தாலே மலச்சிக்கல் என்று வைத்துக்கொண்டு வைத்தியத்தைத் தொடங்கலாம். மலக்கறையைப் பார்த்து, சரியாகக் கழுவவில்லை என்று பிள்ளையைத் திட்டும் வீடுகள் நிறைய. பெரும்பாலும் அது உள்ளே கெட்டியாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றி வழிந்து வரும் இளக்கமான மலம். அவளுக்கு அது தெரிவதுகூட இல்லை.

மலக்குடல் நிறைந்தால் சிறுநீர் ஏன் கசிய வேண்டும்? சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருப்பது மலக்குடல். அது நிரம்பி விரிந்தால் சிறுநீர்ப்பையை முன்னால் தள்ளும். பையில் இடம் குறையும், அது வேண்டாத நேரத்தில் சுருங்கும். இரண்டுக்கும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டையும் அடக்கிப் பிடிப்பதும் இடுப்புக்கு அடியில் இருக்கும் ஒரே அடித்தளத் தசை. மாதக்கணக்கில் அந்தத் தசையை இறுக்கியே பழகிய குழந்தைக்கு, டாய்லெட்டில் உட்கார்ந்த பிறகும் அதைத் தளர்த்த வருவதில்லை. தாரை விட்டுவிட்டு வரும், பாதியிலேயே முடிந்துவிடும், மீதி உள்ளேயே தங்கும். குதிகாலை வைத்து அழுத்துவது விளையாட்டு இல்லை. பை சுருங்கும் நேரத்தில் வெளியே வராமல் தடுக்க அவளாகவே கண்டுபிடித்த வழி.

அயோவா பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் வேரா லோனிங்-பாக்கே 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. நாள்பட்ட மலச்சிக்கல் இருந்த 234 குழந்தைகளில் 29 சதவீதம் பேருக்குப் பகலில் நனையும் தொல்லை இருந்தது. மலச்சிக்கல் சரியானவர்களில் 89 சதவீதம் பேருக்குப் பகல் நனைவும் நின்றது. அதனால்தான் வயிற்றை முதலில் வைக்கிறேன். குடலைச் சுத்தம் செய்யாமல் கடிகாரம் பார்த்து யூரின் போகச் சொன்னால், பிள்ளை ஒத்துழைத்தும் பலன் பாதிதான்.

அந்த 45 மி.லி. பற்றி. 8 வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பைக் கொள்ளளவைத் தோராயமாகக் கணக்கிட வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குவோம். இவளுக்கு 270 மி.லி. இந்த வயதில் போன பிறகு 20 மி.லி.க்கு மேலோ, நிறைந்த பையில் 15 சதவீதத்துக்கு மேலோ, அதாவது இவளுக்குச் சுமார் 40 மி.லி.க்கு மேலோ தங்கினால் அதிகம் என்கிறோம். ஆகவே இரண்டு கணக்கிலும் 45 கூடத்தான். ஆனால் ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் குடிக்கவைத்து, தாங்க முடியாமல் துடிக்கும்வரை உட்காரவைத்து, பிறகு ஓடிப்போய்ப் போகச் சொன்னால் யாருக்கும் மீதி தங்கும். அந்த அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். சாதாரணமாக அவசரம் வந்த நேரத்தில் போய்விட்டு வந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதே ஸ்கேனில் மலக்குடலின் அகலத்தையும் அளந்து எழுதக் கேளுங்கள். மலம் போக வேண்டும் என்ற உணர்வு இல்லாத நேரத்திலும் அது 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அடைப்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்வோம்.

இனி வைத்தியம். மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரைத்தான் பெரும்பாலும் முதலில் தருகிறோம். உள்ளே கெட்டியாக அடைத்திருந்தால் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம், இவள் எடைக்கு நாளுக்கு 22 முதல் 33 கிராம் வரை, 3 முதல் 6 நாள். அது இறங்கிய பிறகு கிலோவுக்கு 0.4 கிராம் அளவில், சுமார் 9 கிராமில் தொடங்கி, தினமும் ஒருமுறை குழைவாகப் போகும்படி கூட்டியோ குறைத்தோ வைப்போம். உங்கள் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அளவை எழுதித் தரட்டும், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். கொலனோஸ்கோபிக்கு முன்னால் குடிக்கும் பெரிய பாக்கெட்டும் இதே பெயரில்தான் விற்கிறது, அதன் அளவே வேறு. அடைப்பை இறக்கும் நாட்களில் கழிசல் போல வரும், ஆகவே நாலு நாள் விடுமுறை பார்த்துத் தொடங்குங்கள்.

பெற்றோர் தடுமாறும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மூன்று வாரத்தில் நன்றாகப் போகிறாள் என்றதும், பழக்கமாகிவிடும் என்று பயந்து பவுடரை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் குடல் சோம்பேறியாகாது. விரிந்துபோன மலக்குடல் சுருங்கிப் பழைய உணர்ச்சிக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, எல்லாத் தொல்லையும் நின்று ஒரு மாதம் தாண்டிய பிறகு சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வாழைப்பழமும் கீரையும் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே அடைத்திருப்பதை அவை இறக்காது.

கூடவே காலை, இரவு உணவுக்குப் பிறகு 5 முதல் 10 நிமிடம் உட்காரவையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் நேரம் அது. குந்தி உட்காரும் இந்தியன் டாய்லெட் இதற்கு மிக வசதி. வெஸ்டர்ன் என்றால் பாதங்கள் தொங்கக்கூடாது, கீழே ஒரு முக்காலி போடுங்கள்.

அடுத்தது நேரம். 22 கிலோ குழந்தைக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீர் சுரப்பதாக வைத்துக்கொண்டால், அவள் வெளியே இருக்கும் 9 மணி நேரத்தில் 270 மி.லி. ஆகிறது. மலம் அடைத்து இடம் குறைந்த பையில் அது எப்படி நிற்கும்? எழுந்ததும், கிளம்பும் முன், காலை இன்டர்வெல், மதியச் சாப்பாட்டு வேளை, கடைசி பெல்லுக்கு முன், மாலை விளையாடி வந்ததும், படுக்கும் முன் என்று ஏழு முறை போகட்டும். இடைவெளி மூன்று மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். அவளிடம் "வருதா?" என்று கேட்காதீர்கள். "வரல" என்றுதான் சொல்வாள், பொய்யும் இல்லை. விரிந்த மலக்குடல் அந்த உணர்ச்சியையே மழுக்கியிருக்கும். நேரமானால் போக வேண்டும், அவ்வளவுதான். அதிர்வு வைக்கும் கைக்கடிகாரம் கிடைத்தால், அம்மா நச்சரிக்கிறாள் என்ற சண்டையும் இல்லை.

போகும் விதத்தையும் வீட்டில் கற்றுக்கொடுங்கள். ஜட்டியும் உள்ளே போடும் ஷார்ட்ஸும் முழங்காலுக்குக் கீழே இறங்கி, தொடைகள் நன்றாக அகல வேண்டும். அசுத்தமான சீட்டில் படக்கூடாது என்று அரைகுறையாக நின்றுகொண்டே போனால், தளர வேண்டிய தசை இறுகியே இருக்கும். முக்கக்கூடாது, அவசரப்படக்கூடாது. முடிந்ததும் எழுந்து ஒரு நிமிடம் நின்று, மறுபடி உட்கார்ந்து மிச்சத்தையும் விடச் சொல்லுங்கள். போய் வந்த பத்து நிமிடத்துக்குள் மட்டும் ஜட்டி நனைகிறது என்றால், தொடையை ஒட்டி வைத்துப் போவதால் பிறப்புறுப்புக்குள் தங்கும் சிறுநீர் பிறகு வடிகிறது. அதற்குக் கால்களை அகட்டுவதே வைத்தியம். பாதியில் தாரையை நிறுத்திப் பழகச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. இவளுக்கு அது நேர் எதிரான பயிற்சி, விட்டுவிடுங்கள்.

தண்ணீர் நாளுக்கு 1 முதல் 1.4 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம். அதில் பாதிக்கு மேல் பள்ளி நேரத்திலேயே குடித்துவிட வேண்டும். டீ, காபி, கோலா வேண்டாம். பள்ளியில் வகுப்பு மிஸ்ஸிடம் தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் கையைத் தூக்காமல் எழுந்து போக அனுமதி, முடிந்தால் ஸ்டாஃப் டாய்லெட். இந்த இரண்டையும் மருத்துவரின் கடிதத்தோடு கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. பையில் மாற்று ஜட்டி ஒன்று, ஈரமானதைப் போட ஒரு கவர். நனைந்த நாளில் திட்டும் தண்டனையும் கூடாது. ஸ்டார் ஒட்டுவதென்றால் காய்ந்த நாளுக்கு ஒட்டாதீர்கள், அது அவள் கையில் இல்லை. நேரத்துக்குப் போனதற்கு ஒட்டுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த வழியில் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட முழுதாகக் காயாமல், யூரின் போன பிறகும் சொட்டிக்கொண்டே இருப்பது, காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று, முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ, நடையில் மாற்றம், தாகமும் எடை குறைவும், நன்றாக இருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்குவது. கடைசியாகச் சொன்னதில், பள்ளியிலோ வெளியிலோ யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்றும் மெதுவாக விசாரியுங்கள்.

இத்தனையும் செய்தால் மலம் சில வாரங்களில் ஒழுங்குக்கு வரும். நனைவது அதற்குப் பின்னால்தான் குறையும், மூன்று மாதம் ஒதுக்குங்கள். குறைந்து வந்தது மறுபடி கூடினால் முதலில் மலத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகும் மீதம் குறையாவிட்டால், சிறுநீர்த் தாரையின் வேகத்தை வரைபடமாக்கும் யூரோஃப்ளோ பரிசோதனை உண்டு. தாரை மேடு பள்ளமாக வந்தால், திரையைப் பார்த்துத் தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி தருவோம். நீங்கள் கேட்ட மாத்திரை, ஆக்ஸிபியூட்டினின் போன்றது, சிறுநீர்ப்பையின் வேண்டாத சுருக்கத்தை அடக்கும். ஆனால் மலத்தை இறுக்கும், மீதத்தையும் கூட்டும். குடல் காலியாகி, மீதம் 20 மி.லி.க்குள் வந்த பிறகும் அவசரமும் நனைவும் தொடர்ந்தால் மட்டும் அதைப் பற்றி உங்கள் மருத்துவரோடு பேசலாம். அப்போது இரண்டு நாள் யூரின் போன நேரமும் அளவும், இரண்டு வார மோஷன் விவரமும் எழுதிய நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.