பல்லுக்குக் கிளிப்: கல்யாணம் வரை பொறுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மேல்வரிசை முன்பற்கள் எத்திக்கொண்டிருக்கும். பள்ளியில் 'தேங்காய் துருவி' என்று கூப்பிடுகிறார்களாம். இப்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள், போட்டோ என்றாலே நழுவிவிடுகிறாள். இங்கே ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, நாலு பல்லைப் பிடுங்கிக் கிளிப் போடணும், ரெண்டு வருஷம் ஆகும் என்றார். நல்ல பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? மாமியார், கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கலாம் என்கிறார். கிளிப்பைப் பார்த்தும் கேலி செய்தால் என்ன செய்வது, டாக்டர்?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: உங்கள் மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். பொறுக்கலாமா கூடாதா என்பதை, முன்னால் வந்திருப்பது பல்லா, இல்லை பின்னால் தங்கிவிட்டது கீழ்த்தாடையா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை ஓரளவு நீங்களே வீட்டில் பார்க்கலாம்.

ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், அதில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். மகளைக் கடைவாய்ப்பற்கள் நன்றாகப் படியும்படி கடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேலின் நுனியைக் கீழ் முன்பல்லின் வெளிப்பக்கத்தில் வைத்து, நேராகப் பிடித்து, மேல்பல்லின் முனை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 2, 3 மில்லிமீட்டர் இருக்கும், அது இயல்பு. பிரிட்டனில் யாருக்குக் கட்டாயம் சிகிச்சை வேண்டும் என்று தரம் பிரிக்க ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். 6 மி.மீ. தாண்டினால் நாலாம் படி, 9 தாண்டினால் ஐந்தாம் படி. அழகுக்காக மட்டும் அப்படி வைக்கவில்லை. இவ்வளவு முன்னால் நிற்கும் பல்லுக்கு உதட்டின் மறைப்பு இருக்காது. சைக்கிளிலிருந்து விழுந்தாலோ கோ-கோ ஆடும்போது மோதிக்கொண்டாலோ முதலில் உடைவது அதுதான்.

அடுத்து, அவளைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லி, கீழ்த்தாடையை மெதுவாக முன்னால் தள்ளச் சொல்லுங்கள், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கிட்டத்தட்டச் சந்திக்கும் வரை. அப்போது முகம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறதென்றால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது. மோவாய் துருத்திக்கொண்டு முகம் கெட்டுத் தெரிந்தால், தாடை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, பற்கள்தான் முன்னால் வந்திருக்கின்றன. நாங்களும் எக்ஸ்ரேவுக்கு முன்னால் செய்வது இதைத்தான். முடிவு சொல்வது எக்ஸ்ரேதான், ஆனால் டாக்டர் பேசுவது உங்களுக்குப் புரிய இது உதவும்.

தாடைதான் காரணம் என்றால் உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் குறைகிறது: அவள் பெரியவளாகிவிட்டாளா, ஆகியிருந்தால் எவ்வளவு நாளாயிற்று? பல் டாக்டர் இதை ஏன் கேட்கிறார் என்று அம்மாக்கள் விழிப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு உயரமும் தாடையும் மிக வேகமாக வளர்வது பொதுவாக வயதுக்கு வருவதற்கு முந்தைய ஓராண்டில். அந்த நேரத்திலும் அதை ஒட்டியும் 'ட்வின் பிளாக்' என்ற கழற்றி மாட்டும் இரட்டைத் தட்டைப் போட்டுக் கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கலாம். சாப்பிடும்போதுகூடக் கழற்றாமல் ஒன்பது மாதம், ஒரு வருடம் போட வேண்டும், அப்புறம்தான் கிளிப். பெரியவளாகி ஆறு மாதம்தான் என்றால் முயன்று பார்க்க இன்னும் இடமுண்டு. இரண்டு வருடம் ஓடிவிட்டதென்றால் வளர்ச்சியை நம்பித் திட்டம் போட முடியாது. பையன்களுக்கு இந்தக் காலம் ஒன்றிரண்டு வருடம் தள்ளி வரும். கல்யாணம் வரை பொறுப்பதில் நஷ்டம் இங்கேதான். 24 வயதிலும் பல்லை நகர்த்தலாம், தாடையை வளர்க்க முடியாது. கோளாறு பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சைதான் மிஞ்சும்.

பல் மட்டும்தான் முன்னால் என்றால் இவ்வளவு அவசரம் இல்லை. ஆனாலும் பால்பற்கள் எல்லாம் விழுந்து முடிந்த 13, 14 வயது நல்ல வயதுதான்.

சரி, நாலு பல் விஷயம். எத்திய பல் பின்னால் போக வேண்டுமானால் அங்கே இடம் வேண்டும். நிறைந்த பஸ்ஸில் யாராவது இறங்கினால்தானே பின்னால் நகர முடியும்? பெரும்பாலும் எடுப்பது கோரைப்பல்லுக்கு அடுத்த சிறிய கடைவாய்ப்பல்லை. அதன் அகலம் ஏறக்குறைய 7 மி.மீ. மேலும் கீழும் இரண்டு வரிசையுமே முன்தள்ளி, உதட்டை மூடவே சிரமப்படும் முகங்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு நாலும் எடுப்பது உண்டு. மேல்வரிசை மட்டும் என்றால் மேலே இரண்டே போதலாம். கீழ்த்தாடை பின்தங்கி, வளரும் வயதும் இருந்தால் ஒன்றுமே எடுக்காமல் போகலாம். ஆகவே வாயை மட்டும் பார்த்துவிட்டு 'நாலு' என்று சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கவாட்டு எக்ஸ்ரே, முழு வாய் எக்ஸ்ரே, பல் அச்சு, போட்டோ இத்தனையும் எடுத்து, எந்தப் பல், ஏன் அது என்று காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்றும் கேளுங்கள், அதில் தப்பில்லை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. மற்றப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் தனியாரைவிடச் செலவு குறைவு, காத்திருக்க மட்டும் பொறுமை வேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். கண் பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பயப்பட வேண்டாம்.

அந்த இரண்டு வருடம் எப்படிப் போகும் என்பதற்கு, என்னிடம் வந்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். அவளுக்கு 14 வயது, ஸ்கேலில் 8 மி.மீ., தாடையில் பெரிய குறையில்லை. மேலே இரண்டு பற்கள் எடுத்தோம். முதல் ஐந்து மாதம் மெல்லிய கம்பியில் கோணல்கள் நேராயின. கிளிப் மாட்டிய முதல் நாலைந்து நாள் வலி இருக்கும், குழைந்த சாதமும் இட்லியும்தான் இறங்கும். கன்னத்தில் உரசினால் தடவ மெழுகு கொடுப்போம். பிறகு கனத்த கம்பி போட்டு முன்பற்களைப் பின்னால் இழுத்தோம். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம். வேகமாக இழுத்தால் வேருக்குக் கேடு, அதனால்தான் நாங்கள் நிதானமாகப் போகிறோம். 18 மாதத்தில் முடியும் என்று சொல்லியிருந்தேன், 22 ஆயிற்று. முறுக்கும் பட்டாணியும் கடித்து நாலு முறை பல்லில் ஒட்டிய பொட்டுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். கோவில்பட்டிக்காரர்களிடம் கடலைமிட்டாயைத் தொடாதே என்று சொல்வது பாவம்தான், ஆனால் சொல்லியாக வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. பொட்டைச் சுற்றி மாவுபோல் அழுக்கு தங்கினால், அதன் அடியில் பல்லின் மேல்பூச்சு கரைந்து சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுகள் விழும். கவனிக்காத வாயில் ஒரே மாதத்தில் ஆரம்பித்துவிடும். கிளிப் கழற்றிய அன்று பல் நேராக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் சதுரமாக ஒரு வெள்ளை வளையமும் இருக்கும். பல்லுக்காக வெட்கப்பட்ட பெண் மறுபடி வாயை மூடுவாள். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், பொட்டுக்கு மேலே ஒரு முறை கீழே ஒரு முறை பிரஷ், கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ், இரவில் கட்டாயம். சுத்தம் சரியில்லை என்பதற்கு முதல் அறிகுறி ஈறு வீங்கி, பிரஷ் பட்டதும் ரத்தம் வருவது. வாரம் ஒரு முறை நீங்கள் எட்டிப் பாருங்கள்.

கிளிப்புக்கும் கேலி வருமா? முதல் வாரம் வரும். இப்போது ஒரு வகுப்பில் மூன்று நாலு பேர் போட்டிருப்பார்கள், பழகிவிடும். நம் சமையலுக்கு ஒரு சின்ன யோசனை: கம்பியைக் கட்டும் ரப்பர் வளையத்தில் நிறமில்லாததைக் கேட்காதீர்கள். சாம்பார் மஞ்சளில் இரண்டே நாளில் காவி ஏறிவிடும். சாம்பல் நிறமோ நீலமோ கேளுங்கள், அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

ஆனால் 'தேங்காய் துருவி' என்ற பட்டத்தைக் கிளிப் கழற்றாது. பார்த்தவுடன் எடைபோடுவதில் பல்லுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனைச் சேர்ந்த ஷா என்ற பல் மருத்துவர் ஒரே முகத்தின் போட்டோவில் பல்லை மட்டும் மாற்றிப் பலரிடம் காட்டினார். பல் ஒழுங்காக இருந்த குழந்தையை நல்ல அழகு, நல்ல தோழமை, கூடுதல் புத்திசாலி என்றே சொன்னார்கள். அதே ஷா உள்ளிட்ட குழு, கார்டிஃப் பகுதியில் 11, 12 வயதுப் பிள்ளைகளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தும் பார்த்தது. சிகிச்சை எடுத்தவர்களுக்குப் பல் சீராக இருந்தது, பல்லைப் பற்றிய திருப்தியும் அதிகம். ஆனால் தங்களைப் பற்றிய மதிப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேவையிருந்தும் சிகிச்சை கிடைக்காமல் போனவர்கள் மனதளவில் ஒடிந்துபோய்விடவும் இல்லை. அதனால் கேலிக்கு வைத்தியமாகக் கிளிப்பை வாங்காதீர்கள். கேலிக்கு வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், இந்த வாரமே. அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி, அது வகுப்பில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். 22 மாதம் அதற்காகக் காத்திருக்க முடியாது. வீட்டிலும் அவள் காதுபட இந்தப் பல்லையும் கல்யாணத்தையும் சேர்த்துப் பேசுவதை நிறுத்திவிடலாம்.

கடைசியாக, கடிதத்தில் எல்லோரும் பேசியிருக்கிறீர்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று மட்டும் இல்லை. தினமும் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பிரஷ் பிடிக்கப்போவது அவள். கழற்றிய பிறகு பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் ரிடெய்னரை மாட்டப்போவதும் அவள்தான். அதை விட்டுவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடக்கும். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு நான் போட மாட்டேன், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்பேன். டாக்டரிடம் போகும்போது நீங்கள் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள். கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளே பேசட்டும்.