பட்டாவில் இருப்பது இரண்டரை சென்ட் அல்ல: சென்ட், கிரவுண்டு, ஏர் கணக்கு

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராம மனையை வாங்கப் பேசி வைத்திருக்கிறோம். 1978ஆம் ஆண்டுத் தாய்ப் பத்திரத்தில் 6 சென்ட் என்று இருக்கிறது. பட்டாவில் பரப்பு 0 - 2.50 என்று மட்டும் இருக்கிறது. விற்பவர் எழுதித் தந்த வரைவுப் பத்திரத்தில் 1 கிரவுண்டு 291 சதுர அடி என்கிறார்கள். பட்டாவில் இரண்டரை சென்ட்தானே இருக்கிறது, மீதி இடம் எங்கே? சதுர அடி 1,500 ரூபாய் வீதம் எந்த அளவுக்குப் பணம் கொடுப்பது?

பதில்: இடம் எங்கும் போய்விடவில்லை. பட்டாவில் நீங்கள் படித்த 2.50 என்பது சென்ட் அல்ல, ஏர். அந்தக் கட்டத்தின் தலைப்பில் ‘ஹெக்டேர் - ஏர்’ என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். உங்கள் மனை ஒரு ஹெக்டேரைத் தொடாததால் இடப்பக்கம் சுழியம்.

ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி. ஆகவே 2.50 ஏர் என்றால் 250 சதுர மீட்டர், அதாவது 2,691 சதுர அடி. சென்ட்டில் சொன்னால் 6.18. விற்பவர் சொல்லும் ‘1 கிரவுண்டு 291 சதுர அடி’ எங்கிருந்து வந்தது என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2,691இல் அதைக் கழித்தால் மீதி 291. வரைவை எழுதியவர் தாய்ப் பத்திரத்தைப் பார்க்காமல், பட்டாவின் பரப்பை அப்படியே சதுர அடியாக்கிப் போட்டிருக்கிறார்.

இப்போது தாய்ப் பத்திரத்துக்கு வருவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, அது பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது. பழைய நில அளவையில் பயன்பட்ட சங்கிலியின் நீளம் 66 அடி. சங்கிலிக்குச் சங்கிலி அளந்த சதுரம் 66 × 66, அதாவது 4,356 சதுர அடி. அதில் பத்தில் ஒரு பங்கு சென்ட். அத்தகைய சதுரங்கள் பத்து சேர்ந்தால் 43,560 சதுர அடி, அதாவது ஓர் ஏக்கர். ஆகவே ஏக்கருக்கு நூறு சென்ட். உங்கள் 6 சென்ட் 2,613.6 சதுர அடி ஆகிறது. ஏரில் 2.43.

ஆக மூன்று எண்கள் போலத் தெரிந்தவை உண்மையில் இரண்டுதான்: தாய்ப் பத்திரத்தின் 2,613.6, பட்டாவின் 2,691. இடையில் ஏறக்குறைய 77 சதுர அடி. இந்த 77 சதுர அடி நிலத்தில் இல்லாமல் காகிதத்தில் மட்டும் உண்டானதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1980களில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டத்தின்போது கிராமங்களின் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாறியது. கிராமப் பட்டாக்களை எடுத்துப் பாருங்கள். பரப்புகள் பெரும்பாலும் முழு ஏராகவோ அரை ஏராகவோ முடியும். 2.43 என்பது 2.50 ஆக நிறுத்தப்படுவது அப்படித்தான். பத்து ஏக்கர் புன்செய்யில் இந்த வித்தியாசம் யாருக்கும் உறுத்தாது. ஆறு சென்ட் மனையில், சதுர அடி 1,500 ரூபாய்க்குப் போகும் இடத்தில், அது ஒரு லட்சத்து 16,000 ரூபாய்.

அப்படியானால் எதற்குப் பணம் கொடுப்பது? என் பதில்: மூன்று காகிதங்களில் எதற்கும் அல்ல, அளந்து கண்ட பரப்புக்கு. அதுவும் தாய்ப் பத்திரத்தின் அளவைத் தாண்டாத வரையில்தான். விற்பவருக்கு எவ்வளவு கிடைத்ததோ அதற்கு மேல் அவர் உங்களுக்கு எழுதித் தர முடியாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அதில் பரப்பு கூடுதலாக இருப்பதால் மட்டும் அந்தக் கூடுதலுக்கு அவருக்கு உரிமை வந்துவிடாது.

தாய்ப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சென்ட்டோடு நிற்காமல், பக்க அளவுகளும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘கிழமேல் வடபுறம் 40 அடி, கிழமேல் தென்புறம் 42 அடி, தென்வடல் கீழ்புறம் 63 அடி, தென்வடல் மேல்புறம் 64 அடி’ என்ற பாணியில் அது இருக்கும். இந்த அளவுகளையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன செய்வார்கள்? எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவார்கள். 40க்கும் 42க்கும் சராசரி 41. 63க்கும் 64க்கும் சராசரி 63.5. பெருக்கினால் 2,603.5 சதுர அடி. 6 சென்ட்டுக்கு மிக நெருக்கம். எல்லாரும் திருப்தியாக எழுந்துவிடுவார்கள்.

நான் இங்கே எழுந்திருக்க வேண்டாம் என்பேன். இந்தச் சராசரிக் கணக்கு மூலைகள் செங்குத்தாக இருந்தால்தான் சரியாக வரும். மனை சாய்ந்திருந்தால் நான்கு பக்கங்களின் நீளம் மாறாமலேயே பரப்பு குறையும். சராசரிக் கணக்கு ஒருபோதும் குறைத்துக் காட்டாது. தவறினால் கூட்டித்தான் காட்டும். நட்டம் எப்போதும் வாங்குபவருக்கே. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் அளவு போதும்: மூலைவிட்டம். வடகிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலை வரை டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள்.

அது 75.5 அடி அளவில் வந்தால் மூலைகள் ஏறக்குறைய செங்குத்து. 2,603 சதுர அடி சரி. அதே மூலைவிட்டம் 82 அடி வந்தால் மனை சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது மூலைவிட்டத்தின் இருபுறமும் உள்ள இரண்டு முக்கோணங்களைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, கிடைக்கும் மூன்று எண்களையும் அந்தப் பாதியையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 40, 64, 82 பக்கங்கள் கொண்ட முக்கோணத்துக்குப் பாதி 93. 42, 63, 82 கொண்டதற்கு 93.5.

```
√(93 × 53 × 29 × 11)           = 1253.9
√(93.5 × 51.5 × 30.5 × 11.5)   = 1299.6
மொத்தம்                         = 2553.5
```

நான்கு பக்கங்களும் அதேதான். பரப்பு மட்டும் 50 சதுர அடி குறைந்துவிட்டது. உங்கள் விலையில் 75,000 ரூபாய். பக்க அளவுகள் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றன என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தால் இது கண்ணில் படவே படாது.

நீங்களே அளப்பது பேரம் பேசுவதற்குப் போதும். எல்லைக் கற்கள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்பதை அறிய அது போதாது. அதற்கு `eservices.tn.gov.in` தளத்தில் உங்கள் புல எண்ணுக்கான புலப்படத்தை எடுத்து, அதில் மீட்டரில் கொடுத்திருக்கும் நீளங்களோடு ஒப்பிடுங்கள். மீட்டரை 3.281ஆல் பெருக்கினால் அடி. ஒத்துவராவிட்டால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக நில அளவரைக் கொண்டு அளந்து எல்லை காட்டச் சொல்லி விற்பவரை மனுப் போடச் சொல்லுங்கள். அளந்ததில் 6 சென்ட்டுக்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். கூடுதல் இடம் பக்கத்து மனைக்காரருடையதாகவோ பாதைப் புறம்போக்காகவோ இருக்கலாம்.

அளந்ததில் 2,603 சதுர அடி வந்ததாக வைத்துக்கொள்வோம். வரைவில் இருக்கும் ‘1 கிரவுண்டு 291 சதுர அடி’யை நீக்கிவிட்டுச் சொத்து விவரத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘தாய்ப் பத்திரப்படி 6 சென்ட், பட்டாப்படி 0 ஹெக்டேர் 2.50 ஏர், இதில் தற்போது அளந்து கண்டபடி 2,603 சதுர அடி, அதாவது 241.83 சதுர மீட்டர் கொண்ட மனை.’ அதன் பின் நான்கு பக்க அளவுகள், மூலைவிட்டம், நான்கெல்லை. நான்கெல்லையைக் கடனே என்று எழுதாதீர்கள். பரப்புக்கும் எல்லைக்கும் முரண்பாடு வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை தருகின்றன. தாய்ப் பத்திரத்தில் ‘கிழக்கில் இன்னார் மனை’ என்று 1978இல் எழுதியதை அப்படியே நகல் எடுக்காமல், அந்த மனை இன்று யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும்.

கிரவுண்டு என்ற அளவில் தவறு ஒன்றும் இல்லை. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பேச்சுக்கு வசதியான அளவு அது. ஆனால் பட்டாவில் அது கிடையாது. பட்டா மாற்றத்துக்குப் போகும்போது பத்திரப் பரப்பைப் பட்டாப் பரப்போடு ஒப்பிடுவார்கள். சதுர மீட்டர் இருந்தால் ஒப்பிடுவது எளிது. ‘கிரவுண்டுக்கு ஐந்து சென்ட்’ என்று யாராவது வாய்க்கணக்குச் சொன்னால் ஏற்காதீர்கள். ஐந்து சென்ட் 2,178 சதுர அடிதான். கிரவுண்டுக்கு 222 சதுர அடி குறைகிறது. சரியான கணக்கு 5.51 சென்ட்.

தட்டச்சில் நேரும் ஒரு பிழையையும் கையெழுத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். 2.50 ஏரை ஹெக்டேரில் எழுதினால் 0.0250. இதிலுள்ள ஒரு சுழியத்தை விட்டு 0.250 ஹெக்டேர் என்று அடித்துவிட்டால் அது 25 ஏர், ஏறக்குறைய 62 சென்ட். பதிவான பின் இதைத் திருத்த விற்பவர் மீண்டும் வந்து பிழைத்திருத்தல் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதனால் ஹெக்டேரையும் ஏரையும் தனித்தனியாக, எழுத்திலும் எண்ணிலும் போடச் சொல்வதே நல்லது.

உங்கள் தாய்ப் பத்திரத்தில் சென்ட் இருப்பது உங்கள் நல்ல காலம். தஞ்சைப் பக்கத்துப் பழைய பத்திரமாக இருந்தால் குழி, மா, வேலி என்று வரும். அங்கே ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அந்த வட்டாரக் கணக்கை உறுதி செய்யாமல் அதைச் சென்ட்டாக்கக் கூடாது.

விலைக்கு வருகிறேன். வரைவின்படி 2,691 சதுர அடிக்கு 40,36,500 ரூபாய். அளந்த 2,603க்கு 39,04,500 ரூபாய். இடையில் 1,32,000 ரூபாய். முன்பணம் கொடுக்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தில் ‘அளந்து காணும் பரப்புக்குச் சதுர அடி 1,500 ரூபாய் வீதம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையாக எழுதிவிட்டால் பிறகு குறைக்கச் சொல்ல உங்களுக்குப் பிடி இருக்காது. பட்டாவில் விற்பவரின் பெயரோடு வேறு பெயர்களும் இருக்கின்றனவா என்பதையும் அன்றே பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் 2.50 ஏர் என்பது எல்லாருக்கும் சேர்ந்த பரப்பு. அப்போது உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கித் தரும்படி கேட்ட பிறகே மற்ற பேச்சு.