எத்தனை செடியை எடை போட்டால் சராசரி சரியாக வரும்?

கேள்வி: தக்காளியில் ஒரு செடிக்குச் சராசரி மகசூல் எவ்வளவு என்று பார்க்க எத்தனை செடியை எடை போட வேண்டும்? எத்தனை கிராம் முன்பின் இருக்கலாம் என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய காய் ரகம், சிறிய காய் ரகம் இரண்டும் போட்டிருக்கிறேன்.

பதில்: கிராமில் சொல்ல வேண்டியதில்லை, சதவீதத்தில் சொல்லுங்கள். 200 கிராம் பிழை என்பது செடிக்கு 2 கிலோ தரும் ரகத்தில் பத்தில் ஒரு பங்கு. அரைக் கிலோ தரும் ரகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. "உண்மைச் சராசரியிலிருந்து 10% முன்பின் போகலாம்" என்று வைத்துக்கொண்டால் இரண்டு ரகத்துக்கும் ஒரே அளவுகோல்.

அதற்குத் தேவையானது மாறுபாட்டுக் கெழு. செடிகளின் எடை சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். முதலில் 10 செடிகளை எடை போடுங்கள். உதாரணமாக, கிலோவில்: 1.2, 1.6, 1.9, 2.4, 2.9, 1.5, 2.2, 1.8, 2.6, 1.9. சராசரி 2.0, திட்ட விலக்கம் 0.525, எனவே கெழு 26.2%. பிறகு:

```
n = (t × CV / E)²
n = (2.26 × 26.2 / 10)² = 35.06 → 36
```

n என்பது எடை போட வேண்டிய செடிகளின் எண்ணிக்கை, CV என்பது அந்த மாறுபாட்டுக் கெழு. E என்பது நீங்கள் ஏற்கும் பிழை, 10. t என்பது 95% நம்பகத்துக்கான எண். 10 செடி முன்சோதனைக்கு 2.26. வழக்கமான 1.96-ஐப் போட்டால் 27 செடி போதும் என்று வரும். அதை நம்ப வேண்டாம், பத்தே செடியில் கண்ட கெழு அவ்வளவு உறுதியானதல்ல. உண்மையில் அது 18%-ஆகவும் இருக்கலாம், 48%-ஆகவும் இருக்கலாம். ஆகவே 36 செடிகளும் எடை போட்ட பிறகு கெழுவை மறுபடி கணக்கிடுங்கள். கூடியிருந்தால் இன்னும் சில செடிகளைச் சேர்க்க வேண்டும்.

பிழையை 5% ஆகக் குறைக்க நினைத்தால் செடிகள் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும்: ஏறக்குறைய 140. மகசூல் மதிப்பீட்டுக்கு அந்த உழைப்பு பெரும்பாலும் தேவையில்லை.

ரகத்துக்கு ஒரு கணக்காகத் தனித்தனியே போடுங்கள். இரண்டையும் கலந்தால், ரகங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசமும் கெழுவில் ஏறித் தேவையில்லாமல் எண்ணிக்கையைக் கூட்டும். செடிகளைக் கண்ணுக்குப் பிடித்தபடி எடுக்காதீர்கள். ஒரு ரகத்தில் 1,800 செடி இருந்தால் முதல் 50-க்குள் ஒன்றைச் சீட்டு எடுத்து முடிவுசெய்து, அதிலிருந்து 50-க்கு ஒன்றாக அடையாளம் கட்டுங்கள். ஒவ்வொரு பறிப்பையும் அந்தந்தச் செடியின் கணக்கில் கூட்டி வாருங்கள். ஒரே பறிப்பின் எடை செடிக்குச் செடி அதிகம் மாறும். முன்சோதனையை அதில் செய்து மொத்த மகசூலுக்குப் பயன்படுத்தினால் எண்ணிக்கை வீணாகப் பெருகும்.

இந்த முறை பூச்சி எண்ணிக்கைக்குச் சரிவராது. இலைக்குச் சராசரி 0.4 பூச்சி, திட்ட விலக்கம் 0.8 என்றால் கெழு 200%. 10% துல்லியத்துக்கு 1,500 இலைக்கு மேல் பார்க்க வேண்டிவரும். சராசரி பூஜ்ஜியத்தை நெருங்கும் இடத்தில், இலைக்கு இத்தனை பூச்சி முன்பின் என்று நேரடி அளவிலேயே பிழையை வைத்துக்கொள்ளுங்கள்.