கபடி ஆடுபவருக்கு எந்த லேசர்?

"பவர் மைனஸ் 4. ஆபீஸில் கணினி வேலை, வாரக் கடைசியில் கபடி. கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை செய்யலாம் என்றிருக்கிறேன். லேசிக், ஸ்மைல், பிஆர்கே மூன்றில் எது?"

கபடியை விடப்போவதில்லை என்றால் லேசிக் வேண்டாம் என்பேன். அதில் கருவிழியின் மேல்படலத்தை மூடிபோல வெட்டித் திறந்து, லேசர் அடித்து மூடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். கணினி வேலைக்கு மட்டும் என்றால் சரி. ஆனால் அந்த மூடி பழைய வலுவோடு ஒட்டுவதில்லை. பல வருடம் கழித்தும் விரல் குத்தி விலகியதுண்டு.

ஸ்மைலில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல்தான், மூடி கிடையாது. சில நாளில் ஆபீஸ் போகலாம்.

கருவிழி மெலிதென்றால் பிஆர்கே கேளுங்கள். மேல்தோலையே நீக்குவதால் முதல் மூன்று நாள் கண் எரியும், நீர் கொட்டும். பார்வை தெளிய சில வாரமாகும். ஒரு வாரமாவது லீவு போடுங்கள். அப்புறம், எதுவானாலும் டாக்டர் சரி என்று சொல்லாமல் களத்தில் இறங்காதீர்கள்.